விற்றாயிற்று, காசு எங்கே? இணையச் சந்தையில் புதிய விற்பனையாளரின் முதல் மூன்று கிழமை

நானுஓயா புகையிரத நிலையத்துக்குக் கிட்ட ஒரு சிறிய கொமியூனிகேஷன் கடை நடத்துகிறேன். போட்டோ பிரதி, ரீலோட், விண்ணப்பப் படிவம் என்று வருகிறவர்களோடு, அண்மைக்காலமாக இன்னொரு கூட்டமும் வருகிறது. இணையச் சந்தைத் தளங்களில் பொருள் விற்கும் இளைஞர்களும் பெண்களும்தான் அவர்கள். பார்சலில் ஒட்டும் சீட்டை அச்செடுக்க வருவார்கள். முதல் இரண்டு கிழமை உற்சாகமாக வருகிறவர்கள், மூன்றாவது கிழமையில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அண்ணே, சாமான் போய்ச் சேந்துருச்சி. காசு ஏன் இன்னும் வரல?"

இந்தக் கேள்விக்குத் தளங்களின் உதவிப் பக்கங்களில் பதில் இருக்கிறது. ஆனால் அது ஆங்கிலத்தில், சட்ட மொழியில் இருக்கிறது. அதனால் நம்மவர்கள் இதை மோசடி என்றோ, தாங்கள் செய்த ஏதோ தவறுக்கான தண்டனை என்றோ நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டுமே இல்லை. புதிய விற்பனையாளரின் பணத்தைச் சில நாட்கள் பிடித்து வைப்பது உலகம் முழுவதும் இந்த வியாபாரத்தின் வழமை. அந்த நாட்களுக்கான செலவை யார் தாங்குகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. நகைக்கடையில் வளையல் அடகு வைத்தோ, நுண்நிதிக் கடன் எடுத்தோ தொடங்கிய ஒரு லயன் வீட்டுப் பெண்தான் அதைத் தாங்குகிறாள். தளம் காத்திருக்கச் சொல்கிறது. கிழமைத் தவணை காத்திருப்பதில்லை.

ஏன் பிடித்து வைக்கிறார்கள்?

நேர்மையற்ற ஒருவர் புதிய கணக்கைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது கைத்தொலைபேசிகளைப் பாதி விலைக்கு விளம்பரம் செய்கிறார். ஐம்பது பேர் அட்டை மூலம் பணம் கட்டுகிறார்கள். தளம் அன்றைக்கே பணத்தை அவருக்குக் கொடுத்துவிட்டால், அவர் பணத்தை எடுத்துக்கொண்டு கணக்கை மறந்துவிடலாம். வாங்கியவர்கள் தளத்திடமும் தங்கள் வங்கியிடமும் முறையிடுவார்கள். வங்கி அட்டையில் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்க வாங்குபவருக்குப் பொதுவாக 120 நாட்கள் வரை அவகாசம் உண்டு. விற்றவர் மறைந்துவிட்டால் அந்தப் பணத்தைக் கட்டவேண்டியது தளம்தான்.

எனவே தளத்தின் கண்ணில், பொருள் வாங்கியவர் கைக்குப் போய், அவர் திருப்பி அனுப்பக்கூடிய காலமும் முடியும் வரைக்கும் அந்தப் பணம் முழுமையாக விற்பனையாளருடையது அல்ல. ஐந்து வருடமாக விற்கும் ஒருவரின் பழைய கணக்கைப் பார்த்து, எத்தனை பார்சல் திரும்பி வரும் என்று தளத்தால் ஊகிக்க முடியும். புதியவரிடம் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அந்த வெற்றிடத்துக்கான பிணைதான் பிடித்து வைக்கும் பணம்.

பெரிய தளங்களின் விதிகளும் இதையே சொல்கின்றன. ஈபே தளம் புதிய விற்பனையாளரின் பணத்தை 30 நாட்கள் வரை நிறுத்தி வைக்கலாம். பொருள் கிடைத்தது பதிவானால் அதற்கு முன்பே விடுவிக்கலாம். அமேசனில் பொருள் கைசேர்ந்த திகதியில் இருந்து ஏழு நாட்கள் என்ற விதி உண்டு. அதன் பின்னர் கணக்குத் தீர்க்கும் நாளுக்கும் காத்திருக்க வேண்டும்.

பணம் நிற்பதற்கு மூன்று வேறு காரணங்கள் உள்ளன. மூன்றுக்கும் மருந்து வேறு என்பதால் முதலில் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். முதலாவது காலத் தடை. குறித்த ஒரு விற்பனையின் பணம், பொருள் சேரும் வரை நிற்பது. இரண்டாவது ஒதுக்கு. எல்லா விற்பனையிலும் ஒரு சதவீதத்தைத் தளம் ஒரு காலத்துக்குத் தன்னிடம் வைத்திருப்பது. மூன்றாவது அடையாளத் தடை. உங்கள் பெயர், முகவரி, வங்கிக் கணக்கு ஒன்றோடொன்று பொருந்தாததால் முழுப் பணமும் நிற்பது.

விற்பனையாளர் பக்கத்தில் பணப் பகுதியைத் திறந்து பாருங்கள். ஒரு சில ஓடர்களுக்கு எதிரே மட்டும் `On hold` என்று இருந்தால் அது காலத் தடை. `Reserve` என்ற தனி வரி இருந்தால் அது ஒதுக்கு. பணம் எடுக்கும் பொத்தானே வேலை செய்யாமல், ஆவணம் கேட்டு மின்னஞ்சல் வந்திருந்தால் அது அடையாளத் தடை. முதலாவது நாள் போனால் தீரும். மூன்றாவது எத்தனை நாள் போனாலும் தானாகத் தீராது.

ஒரு கம்பளித் தொப்பியின் கணக்கு

என் கடைக்கு வரும் ஒரு தங்கை குழந்தைகளுக்கான கம்பளித் தொப்பி பின்னி உள்நாட்டுத் தளம் ஒன்றில் விற்கிறார். கணக்கு இலகுவாக இருக்க எண்களைச் சற்று முழுமைப்படுத்தித் தருகிறேன். தொப்பியின் விலை 1,500 ரூபா. தளத்தின் தரகும் மற்றக் கழிவுகளும் 200 ரூபா. ஆகவே அவருக்கு வரவேண்டியது 1,300. நூலுக்கும் பொதிக்கும் அவர் கையிலிருந்து போவது 700. மிச்சம் 600 ரூபா, அதாவது அவர் உழைப்பின் கூலி. நாளுக்கு மூன்று தொப்பி விற்கிறது. கையில் இருந்த முதல் 25,000 ரூபா.

இனி நாட்களை எண்ணுவோம். ஓடர் வந்து பொதி கட்ட ஒரு நாள். கொழும்புப் பக்கம் போய்ச் சேர நான்கு நாள். திருப்பி அனுப்பும் அவகாசம் ஏழு நாள். தளம் கிழமைக்கு ஒரு தடவைதான் கணக்கு முடிக்கிறது என்பதால் மோசமான நிலையில் இன்னும் ஏழு நாள். வங்கிக்கு வர இரண்டு நாள். மொத்தம் 21 நாள்.

ஒரு நாளைக்கு மூன்று தொப்பிக்கு 2,100 ரூபா வெளியே போகிறது. முதல் காசு வரும் வரை 21 நாள் அப்படியே போக வேண்டும். 2,100 ஐ 21 ஆல் பெருக்கினால் 44,100 ரூபா. இந்த வியாபாரம் மூச்சு விடுவதற்கே அவ்வளவு முதல் தேவை. அவரிடம் இருந்தது 25,000. அது பன்னிரண்டாம் நாளில் முடிந்துவிடும். அந்த நாளில் அவர் 36 தொப்பி விற்று, தாளில் 21,600 ரூபா உழைத்திருப்பார். ஆனால் கையில் நூல் வாங்கக் காசு இருக்காது.

இங்கேதான் பலர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். விற்பனை கூடினால் எல்லாம் சரியாகும் என்று விளம்பரத்துக்குப் பணம் போடுகிறார்கள். நாளுக்கு ஆறு தொப்பி விற்றால் தேவைப்படும் முதல் 88,200 ரூபாவாகிறது. காலத் தடை உள்ள வியாபாரத்தில் வளர்ச்சியே பணத்தை விழுங்கும். காசு தீர்ந்ததும் ஓடரை இரத்துச் செய்ய வேண்டி வருகிறது. புதிய கணக்கில் ஓடர்கள் இரத்தானால் தளத்தின் சந்தேகம் கூடும், தடையும் நீளும். வியாபாரம் நன்றாகப் போனதாலேயே கணக்கு முடங்குவது இப்படித்தான்.

தோட்டத்தில் மாதம் முழுக்க வேலை செய்து அடுத்த மாதம் 10ஆம் திகதி சம்பளம் எடுப்பவர்களுக்குக் காத்திருப்பு புதிதல்ல. ஆனால் அங்கே நாம் கொடுப்பது உழைப்பு மட்டும்தான், உரமும் கூடையும் தோட்டத்தினுடையவை. இங்கே நூலும் பொதியும் கூட நம் காசு.

ஒதுக்கு எப்போது ஆளைக் கவிழ்க்கும்?

காலத் தடையை விடக் கடுமையானது ஒதுக்கு. இதற்கு அண்மைக்காலத்தின் நல்ல உதாரணம் கைவினைப் பொருட்களுக்கான எட்ஸி தளத்தில் 2023 இல் நடந்தது. பிரித்தானியாவில் உள்ளிட்ட பல சிறு விற்பனையாளர்களின் பணத்தில் 75 சதவீதத்தை 45 நாட்கள் வரை அந்தத் தளம் ஒதுக்கில் வைத்தது. நகை செய்பவர்களும் தையல்காரர்களும் மூலப்பொருள் வாங்க முடியாமல் தவித்தார்கள். ஊடகங்களில் செய்தி வந்தது. பிரித்தானியாவின் சிறுதொழில் ஆணையாளரும் குரல் கொடுத்தார். அந்த ஆண்டு ஓகஸ்டில் நிறுவனம் இறங்கி வந்து, ஒதுக்கு வைக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் தங்கள் பணத்தில் குறைந்தது 70 சதவீதத்தை எடுக்கலாம் என்று அறிவித்தது.

75க்கும் 30க்கும் உள்ள வித்தியாசம் வெறும் அளவு வித்தியாசம் அல்ல. அதைத் தொப்பிக் கணக்கிலேயே பார்க்கலாம். தங்கைக்கு ஒரு நாள் விற்பனைக்கு வரவேண்டியது 3,900 ரூபா. அடுத்த நாள் தொப்பிகளுக்குச் செலவு 2,100. முப்பது சதவீதம் ஒதுக்கில் போனால் 2,730 கைக்கு வரும். செலவு போக 630 மிஞ்சும். கஷ்டம்தான், ஆனால் ஓடலாம். எழுபத்தைந்து சதவீதம் போனால் கைக்கு வருவது 975 ரூபா மட்டும். ஒவ்வொரு நாளும் 1,125 ரூபா பள்ளம். ஒதுக்கு 45ஆவது நாளில்தான் திரும்பத் தொடங்கும் என்றால், 21ஆம் நாளுக்குப் பிறகும் 24 நாட்கள் இந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். அது 27,000 ரூபா. முன்பு சொன்ன 44,100 உடன் சேர்த்தால் 71,100.

இதிலிருந்து ஒரு எளிய அளவுகோல் கிடைக்கிறது. உங்களுக்கு வரவேண்டிய பணத்தில் இலாபம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். தங்கைக்கு 3,900 இல் 1,800, ஏறத்தாழ 46 சதவீதம். ஒதுக்கு அதற்குக் கீழே இருந்தால் விற்பனையைத் தொடரலாம். அதற்கு மேலே போனால், ஒதுக்கு விடுபடும் நாள் வரை விற்க விற்கக் கையில் காசு குறையும். அப்போது விற்பனையைக் குறைப்பதே புத்தி. சொந்தக் கையால் செய்பவர்களுக்கு இந்த வீதம் கொஞ்சம் உயரமாக இருக்கும். கொழும்புப் புறக்கோட்டையில் வாங்கி 15 சதவீத இலாபத்தில் விற்பவருக்கு 30 சதவீத ஒதுக்கே போதும், வியாபாரம் நின்றுவிடும்.

ஒதுக்கு திடீரென்று வருவதற்குச் சில வழமையான காரணங்கள் உண்டு. நாளுக்கு மூன்று விற்றவர் பண்டிகைக்கு முன் நாளுக்கு முப்பது விற்பது. வழக்கமாகத் தொப்பி விற்றவர் திடீரென்று விலை கூடிய மின்சாரப் பொருள் போடுவது. பின்தொடரும் இலக்கம் இல்லாமல் அனுப்புவது. கடைசியாகச் சொன்னது நம் ஊரில் அதிகம். வெளிநாட்டுக்கு அனுப்பும்போது சாதாரணத் தபாலில் போட்டால் செலவு குறைவு. ஆனால் பொருள் சேர்ந்தது எங்கும் பதிவாகாது, தளம் முழுக் காலத்துக்கும் பணத்தை வைத்திருக்கும். பதிவுத் தபாலில் இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் `LK` என்று முடியும் ஓர் இலக்கம் கிடைக்கும். அதை அன்றைக்கே ஓடரில் பதிந்துவிட வேண்டும். கூடுதலாகக் கட்டும் தபால் காசு, பல நாள் காத்திருப்பை வாங்கும் காசு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சில தாமதங்கள் யார் கையிலும் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மண்சரிவால் நுவரெலியா மாவட்டத்தின் வீதிகள் அடைபட்டன, மலையகப் புகையிரதப் பாதையும் துண்டிக்கப்பட்டது. தளத்தின் கணினிக்கு மண்சரிவு தெரியாது, பார்சல் அசையவில்லை என்பது மட்டுமே தெரியும். மழைக் காலத்தில் பாதை மூடப்படும் செய்தி வந்தவுடன் கடையை விடுமுறை நிலைக்கு மாற்றிவிட்டு, ஏற்கெனவே வந்த ஓடர்களுக்கு வாங்கியவரிடம் சொல்லி நாள் கேட்பது நல்லது. தாமதமான பத்து ஓடரை விட, வராத பத்து ஓடர் கணக்குக்குப் பாதுகாப்பானது.

பெயரும் முகவரியும்

மூன்றாவது தடை மலையகத்தவருக்கு மற்றவர்களை விடக் கடினமானது. காரணம் தளத்தில் இல்லை, நம் ஆவணங்களில் இருக்கிறது.

யோகேஸ்வரி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழைச் சிங்களத்தில் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் வரும்போது நடுவில் உள்ள எழுத்து 'ஜி' ஆக இருக்கும். வங்கிப் புத்தகத்தில் அதுவே 'கே' ஆகியிருக்கும். ஒன்றில் தந்தையின் முழுப் பெயர், மற்றதில் முதலெழுத்து மட்டும். நமக்கு இது ஒரே ஆள். பெயர்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினிக்கு இரண்டு ஆட்கள். அதோடு, லயன் அறைகளில் பலருக்குத் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும்தான் முகவரி. முகவரிக்குச் சான்று கேட்டால், பெயரில் மின்சாரப் பட்டியலும் இல்லாதவர் எதைக் காட்டுவார்?

இதற்கு வழி, பொருள் போடுவதற்கு முன்பே ஆவணங்களை ஒன்றோடொன்று பொருத்துவது. அடையாள அட்டையில் உள்ள எழுத்தையே மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். அட்டையைத் திருத்துவதை விட வங்கியில் பெயரைத் திருத்துவது இலகு. அட்டையைக் கொண்டுபோய், கணக்கின் பெயரையும் முகவரியையும் அதன்படி மாற்றித் தரச் சொல்லுங்கள். பின்னர் அதே பெயரும் முகவரியும் உள்ள வங்கிக் கூற்று ஒன்றை முத்திரையோடு எடுத்து வையுங்கள். பல தளங்கள் முகவரிச் சான்றாக அதை ஏற்கின்றன. தளத்தில் பதியும்போதும் அதே எழுத்து, அதே வரிசை. இலங்கையில் இருந்து ஈபேயில் விற்பவர்களுக்குப் பணம் பேயோனியர் கணக்கு வழியாக வருவதால், அங்கேயும் பெயர் பொருந்த வேண்டும். ஆக நான்கு இடத்தில் ஒரே பெயர்.

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். அண்ணனின் வங்கிக் கணக்கைத் தங்கைக்குக் கொடுப்பது நம் வீடுகளில் சாதாரணம். ஒரே வங்கிக் கணக்கோ ஒரே கணினியோ இரண்டு விற்பனைக் கணக்குகளில் தெரிந்தால், முடக்கப்பட்ட ஒருவர் வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறார் என்று தளம் சந்தேகிக்கும். அதனால்தான் என் கடைக் கணினியில் யாரையும் விற்பனைக் கணக்குத் திறக்க விடுவதில்லை. சொந்தத் தொலைபேசியில், சொந்த டேட்டாவில் திறந்துவிட்டு, அச்செடுக்க மட்டும் வரச் சொல்கிறேன். பணம் நின்றுவிட்டது என்று இரண்டாவது கணக்குத் திறப்பது எல்லாவற்றையும் விட மோசமான வழி. இரண்டுமே முடங்கலாம்.

எத்தனை விற்கலாம் என்பதைப் பணம் தீர்மானிக்கட்டும்

தங்கையோடு உட்கார்ந்து கணக்கைத் தலைகீழாகப் போட்டோம். இருப்பது 25,000. அதில் நுண்நிதிக் கடனின் கிழமைத் தவணை 2,500. மூன்று கிழமைக்கு 7,500 ரூபாவை முதலில் ஒதுக்கி வைத்தோம். மிச்சம் 17,500. நாளுக்கு ஒரு தொப்பி விற்க 21 நாளுக்கு 14,700 வேண்டும். ஆக அவரால் தாங்கக்கூடியது நாளுக்கு ஒன்றுதான். தளத்தில் இருப்பு என்ற இடத்தில் ஐம்பது என்று போட்டிருந்ததை ஏழு என்று மாற்றினோம். ஏழும் விற்றால் அடுத்த கிழமைதான் மீண்டும் ஏழு. முதல் பணம் வந்த பிறகு, வந்த தொகைக்கு ஏற்ப எண்ணிக்கையைக் கூட்டுவது.

மெதுவாகத் தோன்றும். ஆனால் இந்த மூன்று கிழமையில் அவர் சேர்ப்பது காசு மட்டும் அல்ல. நேரத்துக்குச் சேர்ந்த இருபது பார்சல் என்ற வரலாறும் சேர்கிறது. தடை தளர்வது அந்த வரலாற்றைப் பார்த்துத்தான். கடனைப் பொறுத்தவரை வட்டியை விடத் தவணை தொடங்கும் நாள்தான் ஆபத்து. முடிந்தால் முதல் பணம் கைக்கு வந்த பிறகு கடன் எடுங்கள். பண்டிகைக் கணக்கையும் இப்படியே போட வேண்டும். 2026 தீபாவளி நவம்பர் 8. அந்தச் செலவுக்கு விற்ற காசு கையில் வேண்டும் என்றால் ஒக்டோபர் 18க்கு முன் வரும் ஓடர்களை மட்டும் எண்ணுங்கள். அதற்குப் பிறகு விற்பது தீபாவளி முடிந்த பின் வரும் பணம்.

இது தனியாட்கள் சமாளிக்க வேண்டிய விடயம் மட்டும் அல்ல. இந்திய ரிசர்வ் வங்கி 2020 மார்ச்சில் இணையப் பணச் சேகரிப்பாளர்களுக்கு விதி செய்தபோது, வியாபாரிகளின் பணத்தை வங்கியில் தனிப் பாதுகாப்புக் கணக்கில் வைக்க வேண்டும் என்றது. பொருள் சேர்ந்த மறுநாளோ, ஒப்பந்தத்தில் திருப்பி அனுப்பும் காலம் இருந்தால் அது முடிந்த மறுநாளோ பணத்தைக் கொடுக்க வேண்டும் என்றும் நாள் குறித்தது. பிடித்து வைப்பதை அது தடுக்கவில்லை. எதுவரை என்பதைக் கேள்விக்கு இடமில்லாமல் ஆக்கியது, அந்தப் பணம் நிறுவனத்தின் சொந்தச் செலவில் கலக்காமலும் பார்த்துக்கொண்டது.

நம் நாட்டிலும் மத்திய வங்கியிடமும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடமும் கேட்க வேண்டியது இதைத்தான். தடைக்கு ஒரு கடைசி நாள். ஒதுக்கு வைத்தால் எழுத்தில் காரணம். அதைத் தமிழிலும் சிங்களத்திலும் தருவது. இளைஞர்களைச் சுயதொழிலுக்கு வரச் சொல்லும் பயிற்சிப் பட்டறைகள் நம் பக்கம் நிறைய நடக்கின்றன. படம் எடுப்பது எப்படி, விளம்பரம் போடுவது எப்படி என்று சொல்லித் தருகிறார்கள். இருபத்தொரு நாளுக்கான முதல் எங்கே இருந்து வரும் என்ற கேள்வியை அங்கே யாரும் எழுப்பிக் கண்டதில்லை. அடுத்த பட்டறைக்குப் போகிறவர்கள் அதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.